எதனால் வந்தது, எதனால் போகவில்லை?

மனநல ஆலோசகரிடம் முதல் நாள் வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "எனக்கு இது எதனால வந்துச்சு?" கூட வந்த அம்மாவோ மனைவியோ அதற்கு ஒரு விடையையும் தயாராக வைத்திருப்பார்கள். வேலை மாறியதிலிருந்து, கல்யாணப் பேச்சு முறிந்த பிறகு, கொரோனா வந்து போன பின்னால், யாரோ கண் வைத்ததால். அந்த விடை சரியாகவே இருக்கலாம். ஆனாலும் ஆலோசகர் மனதில் இன்னொரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கும்: வந்தது ஏன் இன்னும் போகவில்லை?

இந்த இரண்டு கேள்விகளையும் பிரித்து வைப்பதற்கு ஆலோசனைத் துறையில் ஒரு முறை இருக்கிறது. வந்தவர் சொன்னதையெல்லாம் நான்கு கட்டங்களில் எழுதிப் பார்ப்பது. பிரச்சினைக்கு முன்பே அவரிடமும் அவரைச் சுற்றியும் இருந்தவை முதல் கட்டம். அதைக் கிளப்பிவிட்டவை இரண்டாவது. அதை இன்றுவரை நீடிக்க வைப்பவை மூன்றாவது. அவரைத் தாங்கிப் பிடிப்பவை நான்காவது. ஆங்கிலத்தில் நான்கும் 'பி' என்ற எழுத்தில் தொடங்குவதால் 'ஃபோர் பி' என்பார்கள். இப்படி எழுதி, எது எதோடு எப்படித் தொடர்புடையது என்று ஒரு விளக்கத்துக்கு வருவதன் பெயர் 'கேஸ் ஃபார்முலேஷன்'. நோயின் பெயரைக் கண்டுபிடிப்பது வேறு, இது வேறு. ஒரே பெயருள்ள நோய் இரண்டு பேருக்கு இருந்தாலும், அது அவர்களிடம் நீடிப்பதற்கான காரணங்கள் வெவ்வேறாக இருக்கும்.

தூக்கத்திலிருந்து ஒரு பாடம்

உடல், மனம், சூழல் மூன்றையும் சேர்த்தே நோயைப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஏங்கல் 1977இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1987இல், தூக்க ஆய்வாளர் ஆர்தர் ஸ்பீல்மனும் அவருடைய சகாக்களும் தூக்கமின்மையை விளக்க மூன்று வகைக் காரணிகளைச் சொன்னார்கள். முன்பே இருந்தவை, தூண்டியவை, நீடிக்க வைப்பவை. அவர்கள் சொன்னதன் சாரம் இது. பரீட்சையோ துக்கமோ ஒருவரின் தூக்கத்தைக் கெடுக்கிறது. பரீட்சை முடிந்துவிடுகிறது, துக்கமும் ஆறுகிறது. தூக்கம் மட்டும் திரும்பவில்லை. ஏனென்றால், அந்த நாட்களில் தூக்கத்தைப் பிடிப்பதற்காக அவர் பழகிக்கொண்ட செயல்கள் அப்படியே தங்கிவிட்டன. எட்டு மணிக்கே படுக்கப் போவது, விடிந்த பின்னும் படுக்கையை விட்டு எழாதது, பகலில் கண்ணயர்வது. தூக்கத்தை இப்போது கெடுப்பவை அவைதான்.

இந்த மூன்றோடு 'காப்பவை' என்பதும் சேர்ந்து நான்காயிற்று. கனடாவில் மனநல மருத்துவர் பிரியந்தி வீரசேகர 1993இல் இந்த நான்கையும் பல கோணங்களோடு குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒரு அட்டவணையாக்கினார். உடல், மனம், சூழல் என்று கோணங்களை மூன்றாக வைத்தால் நான்குக்கு மூன்று, பன்னிரண்டு கட்டம். இன்று உளவியல், மனநல மருத்துவம், சமூகப்பணி படிக்கிறவர்களுக்கு ஏதோ ஒரு வடிவில் இது கற்றுத் தரப்படுகிறது.

கட்டங்களை வரைவது சுலபம். அதற்குள் ஒரு மனிதரின் வாழ்க்கையை எப்படி வைப்பது என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். ஆலோசனை அறைகளில் அடிக்கடி பார்க்கக் கிடைக்கும் நிலைமைகளைச் சேர்த்து இந்தக் கட்டுரைக்காக உருவாக்கிய மனிதர் இவர். குறிப்பிட்ட யாரையும் சுட்டுவதல்ல.

பேருந்தில் வந்த படபடப்பு

வயது 34. பல்லடம் பக்கம் வீடு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். மனைவி, நான்கு வயதில் ஒரு மகள், கூடவே அம்மா. ஆறு மாதத்துக்கு முன் ஒரு மே மாதக் காலையில் நெரிசலான பேருந்தில் நின்றுகொண்டு வேலைக்குப் போகும்போது திடீரென்று நெஞ்சு படபடத்தது. மூச்சு முட்டியது. விரல் நுனிகள் மரத்தன. செத்துவிடப் போகிறோம் என்று நினைத்து அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனார். ஈ.சி.ஜி. சரியாக இருந்தது. "கேஸ் ட்ரபுளா இருக்கும்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் மறுபடியும் வந்தது. அதன் பிறகு அவர் பேருந்தில் ஏறவில்லை. மச்சான் பைக்கில் கொண்டுபோய் விடுகிறார். நான்கு ஈ.சி.ஜி., ஒரு எக்கோ, ஒரு டிரெட்மில் பரிசோதனை ஆகிவிட்டன. தைராய்டும் ரத்தத்தின் அளவும் சரியாக இருக்கின்றன. கடைசியாகப் பார்த்த இதய மருத்துவர்தான் ஆலோசகரிடம் அனுப்பினார்.

மருத்துவர்கள் 'பேனிக் அட்டாக்' என்று சொல்வது இதைத்தான். திடீரென்று பொங்கி, சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கும் பயம். உடல் பரிசோதனைகள் முடியாமல் எந்த ஆலோசகரும் இந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. இதயம், தைராய்டு, ரத்தசோகை, சில மருந்துகள் எல்லாமே இதே படபடப்பைத் தரக்கூடியவை. இன்னொன்றையும் முதல் சந்திப்பிலேயே கேட்டாக வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா, வீட்டில் யாராலும் ஆபத்து இருக்கிறதா? அப்படி இருந்தால் கட்டங்களை ஒதுக்கிவைத்துவிட்டுப் பாதுகாப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நம் கணக்காளருக்கு அந்த ஆபத்துகள் இல்லை.

முதல் இரண்டு கட்டங்கள்

முன்பே இருந்தவை. அவருடைய அப்பா 52 வயதில் மாரடைப்பில் இறந்தார். அப்போது இவருக்கு வயது 17. அதன் பிறகு அம்மா பிள்ளைகளின் உடம்பை விடாமல் கவனித்தார். யாராவது நெஞ்சில் கை வைத்தால் போதும், "என்னடா பண்ணுது?" என்று ஓடிவருவார். நெஞ்சில் எது நடந்தாலும் ஆபத்து என்பது அந்த வீட்டில் யாரும் சொல்லித் தராமலேயே படிந்துபோன பாடம். சின்ன வயதிலிருந்தே எதையும் இரண்டு முறை சரிபார்க்கும் சுபாவம் வேறு. கணக்கு வேலைக்கு அது நல்ல குணமும்கூட.

தூண்டியவை. ஏப்ரலில் அவரோடு வேலை பார்த்த ஒருவர், நாற்பதுகூட ஆகாதவர், மாரடைப்பில் இறந்தார். ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம் என்பதால் ஐந்து மணி நேரத் தூக்கம், ஒரு நாளைக்கு ஏழெட்டு டீ, காலைச் சாப்பாடு இல்லை. மே மாத வெயிலில் நெரிசல். இந்த நிலையில் யாருக்கும் இதயம் வேகமாகத்தான் துடிக்கும். டீயில் இருக்கும் கஃபீனும் தூக்கக் குறைவும் படபடப்புக்குத் துணைபோகக்கூடியவை.

ஒரே விஷயம் எந்தக் கட்டத்துக்குப் போகும் என்பதைக் காலம்தான் தீர்மானிக்கிறது. அப்பாவின் மரணம் இங்கே முதல் கட்டத்தில் இருக்கிறது. 17 வயதில் அவர் ஆலோசகரிடம் வந்திருந்தால் அதுவே இரண்டாவது கட்டத்தில் இருந்திருக்கும். அதனால்தான் ஆலோசகர்கள் சம்பவங்களை மட்டும் கேட்காமல் தேதிகளையும் கேட்கிறார்கள். "எந்த மாசம்? அதுக்கு முந்தின வாரம் என்ன நடந்துச்சு? அன்னிக்குக் காலைல என்ன சாப்பிட்டீங்க?" வந்தவருக்கு இது போலீஸ் விசாரணை மாதிரித் தோன்றலாம். ஆனால் முதல் கட்டத்தையும் இரண்டாவது கட்டத்தையும் பிரிக்க வேறு வழியில்லை.

இவ்வளவு தெரிந்த பிறகு, 'எதனால் வந்தது' என்ற கேள்விக்கு ஒரு நல்ல விடை கிடைத்துவிட்டது. அந்த விடையால் அவருக்கு என்ன பயன்? சக ஊழியர் திரும்பி வரப்போவதில்லை. ஆண்டுக் கணக்கு முடிந்துவிட்டது. மே மாதமும் போய்விட்டது. தூண்டிய எதுவும் இன்று இல்லை. படபடப்பு மட்டும் வாரத்துக்கு மூன்று முறை வருகிறது.

மூன்றாவது கட்டம்

இங்கேதான் ஆலோசகர் அதிக நேரம் செலவிட வேண்டும். பயம் வந்த பிறகு அவர் என்னவெல்லாம் செய்யத் தொடங்கினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒரு பட்டியல் வருகிறது. கையில் ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கட்டியிருக்கிறார். நாடித்துடிப்பு 100ஐத் தாண்டுகிறதா என்று அடிக்கடி பார்க்கிறார். பையில் தண்ணீர் பாட்டில், சட்டைப்பையில் ஒரு மாத்திரை. மாத்திரையை ஒருநாளும் போட்டதில்லை, இருந்தால் போதும். கம்பெனியில் கதவுக்குப் பக்கத்து மேசைக்கு மாறிவிட்டார். படி ஏறுவதில்லை. மனைவி பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் போன் செய்து "ஒண்ணும் இல்லைங்களே?" என்று கேட்கிறார்.

இவை ஒவ்வொன்றும் அந்த நேரத்துக்கு நிம்மதி தருகின்றன. நீடிக்க வைப்பதும் அந்த நிம்மதிதான். ஆக்ஸ்ஃபோர்டில் டேவிட் கிளார்க் 1986இல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். உடலில் ஒரு சாதாரண மாற்றம் நடக்கிறது, உதாரணமாக இதயம் சற்று வேகமாகத் துடிக்கிறது. அதை 'மாரடைப்பு' என்று மனம் வாசிக்கிறது. அந்த வாசிப்பு பயத்தைக் கிளப்புகிறது. பயம் இதயத்தை இன்னும் வேகமாகத் துடிக்க வைக்கிறது. மூச்சு வேகமாகி, கரியமிலவாயு அளவுக்கு மீறி வெளியேறுவதால் தலை கிறுகிறுக்கிறது, விரல் மரக்கிறது. "பார், நினைத்தது சரிதான்" என்று மனம் உறுதி செய்துகொள்கிறது.

இத்தனை முறை வந்தும் ஒருமுறைகூட மாரடைப்பு வரவில்லையே, அதிலிருந்து அவர் ஏன் கற்றுக்கொள்ளவில்லை? பால் சல்கோவ்ஸ்கிஸ் 1991இல் இதற்கு விடை சொன்னார். அவர் கற்றுக்கொள்ளாமல் இல்லை, தவறான பாடத்தைக் கற்றுக்கொள்கிறார். பேருந்திலிருந்து இறங்கினார், சாகவில்லை. ஆகவே 'இறங்கியதால்தான் பிழைத்தேன்' என்று ஆகிவிடுகிறது. இறங்காமல் இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பை, ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அவர் இழக்கிறார். பாட்டில், மாத்திரை, வாட்ச், மச்சானின் பைக் எல்லாம் செய்வது அதே வேலையைத்தான்.

இந்த இடத்தில் குடும்பத்தாருக்கு ஒரு சங்கடம் வரும். மனைவி அக்கறையில் செய்யும் போனை நோயை நீடிக்க வைக்கும் கட்டத்தில் எழுதுவதா? எழுதத்தான் வேண்டும், ஆனால் எழுதும் விதம் இருக்கிறது. மனைவியை அங்கே எழுதுவதில்லை. 'பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் உடம்பைப் பற்றி விசாரிப்பது' என்ற செயலை எழுதுகிறோம். அதே மனைவி நான்காவது கட்டத்திலும் இருப்பார். ஒரே ஆள் இரண்டு கட்டங்களில் வருவது ஆலோசனையில் வழக்கமானதுதான். எந்தச் செயல் எந்தப் பக்கம் என்று பிரித்துச் சொன்னால், "அப்ப நான் என்ன செய்யட்டும்?" என்ற அடுத்த கேள்வியை மனைவியே கேட்பார். போன் செய்யலாம், உடம்பைப் பற்றி மட்டும் கேட்க வேண்டாம் என்பது அதற்கான விடை.

நான்காவது கட்டம் பாராட்டுப் பத்திரம் ஆகாது

'நல்ல குடும்பம், கடவுள் நம்பிக்கை, படித்தவர்' என்று நான்காவது கட்டத்தை ஒரு வரியில் முடித்துவிடுவது பரவலாக நடக்கும் தவறு. இங்கே எழுதும் ஒவ்வொன்றுக்கும் சிகிச்சையில் ஒரு வேலை இருக்க வேண்டும். வேலை இல்லாதது வெறும் மரியாதைச் சொல்.

நம்மவரிடம் மூன்று விஷயங்கள் இருந்தன. ஒன்று, கணக்காளர் என்பதால் எதையும் அன்றன்றே எழுதி வைக்கும் பழக்கம். நாட்குறிப்பு எழுதச் சொன்னால் பலர் இரண்டு நாளில் விட்டுவிடுவார்கள், இவர் விடமாட்டார். இரண்டு, பள்ளியில் கபடி விளையாடியவர். அப்போதும் இதயம் இதைவிட வேகமாகத் துடித்தது, மூச்சு வாங்கியது, பயம் மட்டும் வரவில்லை. உடல் செய்வது ஒன்றேதான், அதற்குக் கொடுக்கும் அர்த்தம்தான் மாறியிருக்கிறது என்பதற்கு அவருடைய வாழ்க்கையிலேயே சான்று இருக்கிறது. மூன்று, மகளைச் சனிக்கிழமை தானே பேருந்தில் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்ற ஆசை. கஷ்டமான பயிற்சியைச் செய்ய ஒரு காரணம் வேண்டும், அது அவரிடம் தயாராக இருந்தது.

ஊகத்தைச் சோதிப்பது

இதுவரை எழுதியது எல்லாம் ஊகம். இங்கிலாந்தின் மருத்துவ உளவியலாளர் ஜில்லியன் பட்லர் 1998இல் வலியுறுத்தியது போல, ஃபார்முலேஷன் என்பது சோதிக்கப்பட வேண்டிய ஒரு கருதுகோள். கணக்காளரின் விஷயத்தில் வேறு இரண்டு விளக்கங்களும் பொருந்தியிருக்கலாம். வேலைச் சுமையே காரணம் என்பது ஒன்று. அப்பாவுக்காக அழுது தீர்க்காத துக்கம் என்பது இன்னொன்று. இரண்டுமே கேட்பதற்கு நன்றாக இருக்கின்றன. நன்றாக இருப்பதால் உண்மையாகிவிடாது.

ஆலோசகர் இரண்டு வாரத்துக்கு ஒரு நாட்குறிப்பு கேட்டார். ஐந்து பத்தி: எங்கே இருந்தீர்கள், உடம்பில் முதலில் என்ன தெரிந்தது, என்ன நினைத்தீர்கள், என்ன செய்தீர்கள், எத்தனை நிமிடத்தில் அடங்கியது. வேலைச் சுமைதான் காரணம் என்றால் ஜி.எஸ்.டி. கணக்கு முடிக்கும் நாட்களில் படபடப்பு கூட வேண்டும். கூடவில்லை. ஆறு முறை வந்ததில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மலைக்கோயில் படியில். ஒன்று, வீட்டில் மகளைத் தூக்கிக்கொண்டு விளையாடும்போது. மற்ற நான்கும் வாட்சைப் பார்த்த சில நொடிகளில். துக்கம்தான் காரணம் என்றால் அப்பாவின் நினைவோடு ஏதாவது தொடர்பு தெரிய வேண்டும். ஆறில் எதிலும் அது இல்லை. ஆறிலும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: முதலில் இதயம் வேகமாகத் துடித்தது, அடுத்த எண்ணம் 'மாரடைப்பு' என்பது. அவர் பயப்படுவது பேருந்துக்கு அல்ல, தன் இதயத் துடிப்புக்கு. பேருந்து அது முதலில் நடந்த இடம், அவ்வளவுதான்.

இந்த வித்தியாசம் தெரியாமல் பேருந்தில் ஏறிப் பழகுங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தால், அவர் பாட்டிலையும் வாட்சையும் எடுத்துக்கொண்டு ஏறியிருப்பார். பல நாள் பழகியும் பயம் குறைந்திருக்காது.

பிறகு அறையிலேயே ஒரு சோதனை. இதய மருத்துவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிய பின்னர்தான். இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் இருப்பவர்களிடம் இதை இப்படிச் செய்வதில்லை. நின்ற இடத்திலேயே இரண்டு நிமிடம் ஓடுவது, பிறகு ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விடுவது.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சொல்லுங்க. நெஞ்சு இப்படி அடிச்சா மாரடைப்பு வரும்னு நூத்துக்கு எவ்வளவு நம்புறீங்க?"

"எண்பதுங்க மேடம்."

ஓடி முடித்தபோது விரல் மரத்தது, தலை கிறுகிறுத்தது. பேருந்தில் வந்த அதே அறிகுறிகள், இந்த முறை அவரே வரவழைத்தவை. அவர் நாற்காலியைப் பிடிக்கப் போனார். பிடிக்காமல் நிற்கச் சொன்னார் ஆலோசகர். நான்கு நிமிடத்தில் அடங்கியது.

"இப்ப எவ்வளவு?"

"ஐம்பது இருக்கும்ங்க. ஆனா நீங்க பக்கத்துல இருந்தீங்களே, மேடம்."

இந்தக் கடைசி வாக்கியம் சிகிச்சைக்குப் பெரிய உதவி. ஆலோசகரே இன்னொரு தண்ணீர் பாட்டில் ஆகிவிட்டார் என்று அது காட்டியது. அதனால் அடுத்த சோதனைகள் அவர் தனியாகச் செய்ய வேண்டியவையாக அமைந்தன. வாட்சை வீட்டில் வைத்துவிட்டு இரண்டு மாடி ஏறுவது. மாத்திரை இல்லாமல் ஒரு நிறுத்தம் பேருந்தில் போவது. பயம் வந்தாலும் இறங்காமல், அது தானாக இறங்கும்வரை உட்கார்ந்திருப்பது. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் அந்த நம்பிக்கை எண்ணை எழுதுவது. எண் இறங்கினால் ஊகம் சரியான திசையில் போகிறது. ஐந்தாறு சோதனைக்குப் பிறகும் இறங்கவில்லை என்றால், மூன்றாவது கட்டத்தில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று பொருள். நம்மவருக்கு எண் மெல்ல இறங்கியது. சில வாரங்களில் தனியாகப் பேருந்தில் வேலைக்குப் போனார். படபடப்பு முழுதாகப் போய்விடவில்லை. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று இருக்கப் பழகினார்.

அப்படியானால் முதல் இரண்டு கட்டங்கள் வீணா? சிகிச்சையின் கடைசியில்தான் அவற்றுக்கு வேலை வருகிறது. ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச், ஏப்ரல், அப்பாவின் திதி, தெரிந்தவர் யாருக்காவது மாரடைப்பு என்ற செய்தி. மறுபடியும் பயம் தலைதூக்கக்கூடிய நேரங்கள் இவை என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். அந்த நாட்களில் தூக்கத்தையும் டீயையும் கவனித்துக்கொள்ளலாம், வாட்ச் பழக்கம் திரும்புகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்றும் உண்டு. அப்பா 52 வயதில் மாரடைப்பில் இறந்தவர் என்பது வெறும் பயம் இல்லை, உண்மை. அவருடைய ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தப் பரிசோதனைக்கும் ஒரு நாளைக்கு நாற்பது முறை நாடி பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு இப்போது தெரியும்.

எங்கே தவறு நடக்கிறது

முதல் தவறு, கட்டங்களை விண்ணப்பப் படிவம் போல நிரப்புவது. பன்னிரண்டு கட்டமும் நிறைந்திருக்கும். எது எதை உண்டாக்குகிறது என்று ஒரு வரிகூட இருக்காது. தெரியாததைக் காலியாக விடுவதே நேர்மை. ஒரு ஃபார்முலேஷன் உருப்படியானதா என்று பார்க்க எளிய வழி, அதை வைத்து அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று சொல்ல முடிகிறதா என்று கேட்பது. சொல்ல முடியாவிட்டால் அது தகவல் தொகுப்பு, விளக்கம் ஆகாது.

இரண்டாவது தவறு, ஆலோசகருக்குப் பிடித்த ஒரே காரணம் எல்லோரிடமும் தென்படுவது. சிலருக்கு எல்லாமே சிறுவயதுக் காயம். சிலருக்கு எல்லாமே செல்போன். ஒரே பிரச்சினையோடு வந்த ஒருவரைப் பல நிபுணர்களிடம் காட்டினால், பிரச்சினைகளின் பட்டியலில் அவர்கள் ஓரளவு ஒத்துப்போகிறார்கள். அடியில் இருக்கும் காரணம் என்ன என்று கேட்டால் ஒற்றுமை குறைந்துவிடுகிறது. ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. எனவே ஊகம் எவ்வளவு ஆழமாகப் போகிறதோ அவ்வளவு சந்தேகத்தோடு அதைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது தவறுதான் மோசமானது. மூன்றாவது கட்டத்தைக் குற்றப்பத்திரிகையாக மாற்றுவது. கணவன் அடிப்பதால் ஒரு பெண் வீட்டில் வாய் திறக்காமல் இருக்கிறார் என்றால், அந்த மௌனத்தை 'நீடிக்க வைக்கும் பழக்கம்' என்று எழுதுவது அநியாயம். அங்கே நீடிப்பது அடி, மௌனம் அவருடைய தற்காப்பு. வேலையிடத்தில் சாதி சொல்லி ஒதுக்கப்படுகிறவரின் மன உளைச்சலுக்கும் இது பொருந்தும். பயப்படும் ஆபத்து நிஜமா, நினைப்பில் மட்டும் இருக்கிறதா என்று முதலில் கேட்காத ஆலோசகர் இந்தக் குழியில் விழுவார். அட்டவணையில் 'சூழல்' என்று தனியாக ஒரு வரிசை வைத்ததன் பயன் இதுதான்.

முறைக்கும் எல்லை உண்டு. ஜெர்மனியில் ஷுல்ட்டேயும் சகாக்களும் 1992இல் வெளியிட்ட ஆய்வில், பயக் கோளாறுகளோடு வந்த 120 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகத் திட்டமிட்ட சிகிச்சையைவிட, எல்லோருக்கும் ஒரேமாதிரி தரப்பட்ட, பயப்படும் பொருளை நேரில் எதிர்கொள்ளும் பயிற்சியே நல்ல பலன் தந்தது. தனியாகத் திட்டமிட்டவர்கள் சில சமயம் அந்தக் கடினமான பயிற்சியைத் தவிர்த்துவிட்டு மற்றவற்றைச் செய்தார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கங்களில் ஒன்று. நாய் என்றால் பயம் போன்ற தெளிவான ஒற்றைப் பிரச்சினைக்கு நிரூபிக்கப்பட்ட பயிற்சி முறை இருக்கும்போது, நீண்ட ஃபார்முலேஷன் தேவைப்படாமல் போகலாம். இரண்டு மூன்று பிரச்சினைகள் பின்னிக் கிடக்கும்போதும், வழக்கமான சிகிச்சை பலன் தராமல் நின்றுபோகும்போதும்தான் நான்கு கட்டங்களின் அருமை தெரியும்.

நீங்களோ உங்கள் வீட்டாரோ ஆலோசனைக்குப் போவதாக இருந்தால், இரண்டாவது அல்லது மூன்றாவது சந்திப்பில் ஆலோசகரிடம் இதைக் கேளுங்கள்: "என் பிரச்சினையை நீங்க எப்படிப் புரிஞ்சிருக்கீங்கன்னு ஒரு பக்கத்துல எழுதித் தர முடியுமா?" எழுதித் தந்தால் அதை வாசித்துவிட்டு, பொருந்தாத வரியைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் ஆலோசகருக்கு எவ்வளவு சொந்தமோ அவ்வளவு உங்களுக்கும் சொந்தம். கூடவே இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: "இது தப்புன்னா எப்படித் தெரியும்?" அதற்குக் கோபப்படாமல், 'இன்னின்ன நடந்தால் என் கணிப்பு தவறு' என்று தெளிவாகச் சொல்கிறவரிடம் தொடர்ந்து போகலாம்.